எண்ணெய் வழியும் தலை, வறண்ட தலை: எத்தனை நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கலாம்?

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதான் தலைக்குக் குளிக்கும் நாள். அக்காவுக்கும் எனக்கும் ஒரே வெந்நீர், ஒரே ஷாம்பு, முந்தின இரவு ஒரே கிண்ணத்துத் தேங்காய் எண்ணெய். குளித்த அன்று மாலையே அக்காவுக்குத் தலைத்தோல் இழுத்துப் பிடித்ததுபோல் ஆகி அரிக்கத் தொடங்கும். எனக்குத் திங்கட்கிழமையே வகிடு பிசுபிசுக்கும். வியாழனுக்குள் தோளில் செதில் உதிரும். இரண்டையும் நாங்கள் வறட்சி என்றே நினைத்தோம். எண்ணெயைக் கூட்டினோம், தண்ணீரை இன்னும் சூடாக்கினோம். எட்டு மாதங்கள் இப்படியே போயின. தோல் மருத்துவர் எங்கள் இருவரின் தலையையும் பார்த்துவிட்டு, அக்காவுக்கு வறண்ட தலை, எனக்கு எண்ணெய் வழியும் தலையோடு பொடுகு என்று சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த எட்டு மாதங்கள் உங்களுக்கு வீணாகக் கூடாது. ஒரு வாரம், மெல்லிய டிஷ்யூ காகிதம், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகியவை இருந்தால், எத்தனை நாள் இடைவெளி, எவ்வளவு சூடு என்ற இரண்டு கேள்விகளுக்கும் வீட்டிலேயே விடை கண்டுபிடித்துவிடலாம்.

1. ஒரு வாரம் எண்ணெய் வைக்காமல் இருங்கள்

பலரும் தவறுவது இந்த முதல் படியில்தான். தலையில் இருப்பது உங்கள் தோல் சுரந்த எண்ணெயா, நீங்கள் தேய்த்த எண்ணெயா என்று பிரித்தறிய வழியே இல்லை. ஆகவே சோதனை வாரத்தில் தேங்காய் எண்ணெய், முடிக்குப் போடும் சீரம், கிரீம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முடியின் நுனி மிகவும் வறண்டுபோனால், காதுக்குக் கீழே தொங்கும் பகுதியில் மட்டும் இரண்டு சொட்டு தடவிக்கொள்ளலாம். தலைத்தோலில் படக் கூடாது.

வழக்கமாகப் பயன்படுத்தும் ஷாம்புவையே பயன்படுத்துங்கள். புது ஷாம்பு, புதுத் தண்ணீர், புது இடைவெளி என்று ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

2. காகிதச் சோதனை

காலை ஏழு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு முடியை முழுதாக உலரவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் வகிடு எடுத்து, டிஷ்யூ காகிதத்தின் ஒரு படலத்தை உச்சந்தலையில் வைத்து, பத்து நொடி விரலால் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். இன்னொரு துண்டைக் காதுக்குப் பின்னால் முடி தொடங்கும் இடத்தில் அழுத்துங்கள். இரண்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். வியர்வை பட்ட இடம் சில நிமிடங்களில் உலர்ந்து மறைந்துவிடும். அதனால் காகிதத்தைப் பத்து நிமிடம் மின்விசிறியடியில் வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. சென்னைபோல் வியர்க்கும் ஊரில் இந்தப் பத்து நிமிடம் மிக முக்கியம். இதைத் தவிர்த்ததால் முதல் தடவை அக்காவின் தலையும் எண்ணெய்த் தலையென்றே தோன்றியது.

இதைத் தினமும் செய்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். எனக்கு வந்த கணக்கு இது. ஞாயிறு காலை, அதாவது 24 மணி நேரத்தில், உச்சியில் மங்கலான ஒரு வட்டம். திங்கள் காலை, 48 மணி நேரத்தில், வட்டம் முழுதும் தெளிவாக ஒளி ஊடுருவியது. காதுக்குப் பின்னாலும் அப்படியே. செவ்வாய் காலை காகிதம் தோலில் ஒட்டியே கொண்டது, அரிப்பும் தொடங்கியிருந்தது. அக்காவுக்கு ஐந்தாம் நாள் காலையில்கூடச் சிறு புள்ளிகள்தான். ஆறாம் நாளில்தான் மங்கலான வட்டம் வந்தது.

உங்கள் காகிதம் முழு வட்டமாக ஒளி ஊடுருவும் நாள் எதுவோ, அதுதான் நீங்கள் தலைக்குக் குளிக்க வேண்டிய நாள்.

3. செதிலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எங்களை எட்டு மாதம் அலைக்கழித்தது இந்தக் குழப்பம்தான். செதில் உதிர்ந்தால் வறட்சி என்பது பலரின் கணக்கு. ஆனால் எண்ணெய் வழியும் தலையிலும் செதில் உதிரும், அதிகமாகவே உதிரும். எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை, தோல் சுரக்கும் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை எரிச்சலூட்ட, தோல் அவசர அவசரமாக உரிகிறது. அதுதான் பொடுகு.

வறட்சிச் செதில் பொடிப்பொடியாக, வெள்ளையாக, உலர்ந்து இருக்கும். தலையை உலுக்கினால் மாவுபோல் கொட்டும். குளித்த சில மணி நேரத்திலேயே இழுப்பு தெரியும், கை கால் தோலும் வறண்டிருக்கும். பொடுகுச் செதில் சற்றே மஞ்சளாக, பிசுக்காக, நகத்தில் ஒட்டும்படி இருக்கும். குளித்த அன்று அரிப்பு அடங்கி, நாள் செல்லச் செல்லக் கூடும். புருவம், மூக்கின் ஓரம், காதின் பின்புறம் ஆகிய இடங்களிலும் சிவந்து உரிந்தால் பெரும்பாலும் இதுதான்.

அரிப்பு எப்போது கூடுகிறது என்பதுதான் இதில் எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அடையாளம். குளித்தவுடன் கூடினால் தண்ணீரையும் ஷாம்புவையும் சந்தேகியுங்கள். குளிக்காத நாட்களில் கூடினால் இடைவெளி அதிகம் என்று பொருள்.

4. இடைவெளியை முடிவுசெய்யுங்கள்

காகிதம் ஒரே நாளில் நனைந்தால் தினமும், இரண்டு நாளில் நனைந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நான்கு நாளானால் வாரம் இருமுறை, ஐந்து நாளுக்கு மேலானால் வாரம் ஒருமுறை. சுருள் முடிக்காரர்களுக்குத் தலைத்தோலின் எண்ணெய் முடி வழியே எளிதில் இறங்காது. தோல் வறண்டதாகவும் முடி இறுக்கமான சுருளாகவும் இருந்தால் பத்து நாள்வரைகூட விடலாம்.

இங்கே மூன்று தடைகள் வரும். ஒன்று, "அடிக்கடி குளித்தால் தோல் பதிலுக்கு இன்னும் எண்ணெய் சுரக்கும், குறைத்துப் பழக்கினால் அடங்கிவிடும்" என்ற பேச்சு. எண்ணெய்ச் சுரப்பியை இயக்குவது உடலிலுள்ள ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். மேலே எண்ணெய் இருக்கிறதா, கழுவப்பட்டதா என்று சுரப்பிக்குத் தெரியாது. பருவமடையும் வயதில் சுரப்பு கூடுவதும், மாதவிடாய் நின்ற பிறகு குறைவதும் இதனால்தான். நான் அந்த எட்டு மாதமும் வாரம் ஒருமுறைதான் குளித்தேன். எண்ணெய் அப்படியே இருந்தது, பொடுகு மட்டும் கூடியது.

இரண்டாவது, முடி உதிர்வு பற்றிய பயம். நலமாக இருப்பவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிரும். பின்னலிட்ட நீள முடியில் அவற்றில் பல கீழே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வாரம் ஒருமுறை குளிப்பவருக்கு அத்தனை நாள் முடியும் ஒரே நேரத்தில் கையோடு வரும். அந்தக் கொத்தைப் பார்த்து மனம் பதறி, குளியலை இன்னும் தள்ளிப்போட்டால், அடுத்த முறை கொத்து இன்னும் பெரிதாகும். குளியல் அந்த முடிகளை உதிர்க்கவில்லை. ஏற்கெனவே வேரிலிருந்து நீங்கியவற்றை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே. சந்தேகம் இருந்தால், சீப்பில் வரும் முடியையும் குளியலில் வரும் முடியையும் ஒரு வாரம் சேர்த்து எண்ணி ஏழால் வகுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, நீங்களே மாறுகிறீர்கள். கர்ப்பகாலம், வயது, ஊர் மாற்றம், ஹெல்மெட் போட்டு ஓட்டும் வேலை என்று எது மாறினாலும் காகிதச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பருவமடையாத குழந்தைகளுக்குச் சுரப்பு மிகக் குறைவு. பெரியவர்களின் அட்டவணையை அவர்களுக்குப் போடாதீர்கள்.

5. தண்ணீரின் சூடு எதை மாற்றுகிறது, எதை மாற்றாது

நெய்ப் பாத்திரத்தைக் கழுவியவர்களுக்கு இதில் பாதி தெரியும். பச்சைத் தண்ணீரில் நெய் உறைந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் இளகிச் சோப்போடு போய்விடும். தோல் சுரக்கும் எண்ணெயும் உடல் சூட்டையொட்டிய வெப்பத்தில்தான் நன்றாக இளகி இருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகும். சென்னையில் குழாய்த் தண்ணீரே பெரும்பாலும் அதைவிடச் சூடு. ஊட்டியில் டிசம்பரில் எண்ணெய் வைத்த தலையில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், எண்ணெய் மெழுகாகிவிடும். எத்தனை ஷாம்பு போட்டாலும் பிசுக்கு போகாது.

அதனால் எண்ணெய்த் தலைக்குச் சூடு உதவுகிறது. ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு அதே சூடு, தோலின் மேலடுக்கில் செல்களுக்கிடையே சாந்துபோல் இருக்கும் கொழுப்பையும் இளக்கிவிடுகிறது. அந்தக் கொழுப்புதான் தோலிலுள்ள ஈரம் வெளியே போகாமல் காப்பது. சூடான தண்ணீரில் ஷாம்புவும் தோலுக்குள் ஆழமாக ஊடுருவும். குளித்த அன்றே இழுப்பும் அரிப்பும் வருவது இதனால்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றும்போது அரிப்பு அடங்குவதுபோல் சுகமாக இருக்கும். அரை மணி நேரத்தில் அது இரட்டிப்பாகத் திரும்பி வரும். அந்தச் சுகத்தை நம்ப வேண்டாம். சாயம் பூசிய முடியில் சாயமும் சூட்டில் சீக்கிரம் வெளுக்கும்.

சூட்டால் மாறாதவையும் உண்டு. கடைசியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் முடியின் செதிலடுக்கு மூடிக்கொண்டு பளபளக்கும் என்பார்கள். தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரற்றது. தண்ணீர் குளிர்ந்தால் மூடிக்கொள்ள அதில் தசை எதுவும் இல்லை. செதிலடுக்கைப் படிய வைப்பது கண்டிஷனரும் அதன் இலேசான அமிலத்தன்மையும்தான். குளிர்ந்த நீர் எண்ணெய்ச் சுரப்பையும் குறைக்காது. உங்களுக்குப் பிடித்திருந்தால் ஊற்றுங்கள், கெடுதல் இல்லை.

நான் கடைப்பிடிக்கும் அளவு: எண்ணெய்த் தலைக்கு 38 முதல் 40 டிகிரி, வறண்ட தலைக்கு 35 முதல் 37 டிகிரி.

6. வாளியில் விளாவும் கணக்கு

கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். அடுப்படியில் பழகிய கைக்குச் சூடு தெரியாது. டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் பொதுவாக 32 முதல் 42 டிகிரி செல்சியஸ்வரை காட்டும். நமக்கு வேண்டிய எல்லை முழுதும் அதற்குள் அடங்குகிறது. விளாவிய தண்ணீரை நன்றாகக் கலக்கிவிட்டு, முனையை மட்டும் நீரில் வையுங்கள். திரையில் `H` அல்லது `Hi` வந்தால் தலைக்கு ஆகாத சூடு. `L` அல்லது `Lo` வந்தால் 32 டிகிரிக்குக் கீழே. அது தொட்டதில் மிக அதிகமான சூட்டையே திரையில் நிறுத்திவைக்கும்; ஆகவே மறுபடி பார்க்கும் முன் அணைத்துப் போடுங்கள். பாதரசக் கண்ணாடித் தெர்மாமீட்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது; வெந்நீரில் வெடிக்கலாம். டிஜிட்டல் கருவி மருந்துக்கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குளியலறைக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, கீசர் தண்ணீர் 60 டிகிரி என்றால், ஒரு பங்கு வெந்நீருக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் விளாவினால் ஏறக்குறைய 39 டிகிரி வரும். அது என் வாளி. ஒரு பங்குக்கு மூன்று பங்கு விளாவினால் 36 டிகிரி. அது அக்காவின் வாளி. அடுப்பில் கொதித்த தண்ணீரானால் ஒரு சொம்புக்கு ஐந்து சொம்பு பச்சைத் தண்ணீர், வறண்ட தலைக்கு ஏழு சொம்பு. மலைப்பகுதியில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரியாக இருக்கும்போது கீசர் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி. எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரை ஊற்றுங்கள்.

கோடையில் ஒரு பொறி இருக்கிறது. மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் கீசர் போடாமலேயே 40 டிகிரியைத் தாண்டலாம். "நான் பச்சைத் தண்ணீரில்தானே குளிக்கிறேன், ஏன் அரிக்கிறது?" என்று கேட்பவர்கள் அந்தத் தண்ணீரை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். விடியற்காலையில் குளித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

7. குளிக்கும்போது

ஷாம்பு தலைத்தோலுக்கு, முடிக்கு அல்ல. நீள முடிக்குப் பத்து மில்லி, குட்டை முடிக்கு ஐந்து மில்லி போதும். அதை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளாது. நகம் படாமல் விரல் நுனியால் ஒரு நிமிடம் தேய்த்துவிட்டு அலசுங்கள். வழியும் நுரையே நுனி முடிக்குப் போதுமானது. ஈர முடி பருத்து, இழுபடும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் சிக்கெடுக்காதீர்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நுரை குறைவாகவே வரும். நுரைக்காக ஷாம்புவைக் கூட்டுவார்கள். அதை அலச அந்தத் தண்ணீரால் முடியாது. மிச்சம் தங்கி, பிசுக்கும் பொடியுமாக உட்காரும். அதை எண்ணெய் என்று நினைத்து மறுநாளும் குளிக்க வேண்டாம். கடைசி அலசலை மட்டும் குடிநீர்க் கேன் தண்ணீர் இரண்டு லிட்டரில் செய்து பாருங்கள். 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் அதற்கு 4 ரூபாய் ஆகும். பிசுக்கு போய்விட்டால் குறை உங்கள் தலையில் இல்லை, தண்ணீரில்தான். காகிதச் சோதனையையும் அந்த அலசலுக்குப் பிறகு மறுபடி செய்யுங்கள்.

சீயக்காய் போடுபவர்களுக்கும் இதே இடைவெளிதான். அரப்பு மட்டும் எண்ணெயை நன்றாக எடுத்துவிடும். எண்ணெய் வைக்காத வறண்ட தலையில் அதைத் தேய்க்காதீர்கள்.

8. எண்ணெய் வேண்டுமானால்

வறண்ட தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்லது. அது முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது. பொடுகுள்ள எண்ணெய்த் தலையில் பொடுகு அடங்கும்வரை தோலில் எண்ணெய் வேண்டாம். நுனி முடிக்கு மட்டும் தடவலாம். எங்கள் அம்மாவுக்கு இதை ஏற்க மனம் வரவில்லை. என் தோளில் செதில் நின்ற பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

9. எவ்வளவு காலம், எப்போது மருத்துவர்

புது இடைவெளியையும் புதுச் சூட்டையும் குறைந்தது இரண்டு வாரம் கடைப்பிடித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். அக்காவின் வாளியில் முதல் நாள் அளந்தபோது திரையில் `H` வந்தது. 36 டிகிரிக்குக் குறைத்த பிறகு மூன்றாவது குளியலில் இழுப்பு நின்றது. ஷாம்புவைக்கூட அவர் மாற்றவில்லை.

எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்ததில் பிசுக்கு உடனே அடங்கியது, செதில் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மருத்துவர் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக்கொடுத்தார். வாரம் இருமுறை, நான்கு வாரம். தேய்த்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். போட்டவுடன் கழுவிவிடுவதால்தான் பலருக்கு அது வேலை செய்வதில்லை. மற்ற நாட்களில் பழைய ஷாம்புவே. நான்கு வாரத்துக்குப் பிறகு, திரும்ப வராமலிருக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறேன்.

தடித்த வெள்ளிச் செதில் முடியெல்லையைத் தாண்டி நெற்றிக்கு வந்தால், வட்டமாக முடி கொட்டினால், சீழோ இரத்தமோ வந்தால், குழந்தையின் தலையில் திட்டுத்திட்டாக முடி உடைந்தால், இந்தச் சோதனைகளைச் செய்துகொண்டிருக்காமல் உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் புறநோயாளிகளுக்குக் கட்டணம் இல்லை.

போகும்போது நீங்கள் தேதி போட்டு எழுதிய தாள், பயன்படுத்தும் ஷாம்பு, எண்ணெய்ப் பாட்டில்கள், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முதல் தடவை நான் மரியாதைக்காகக் காலையில் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு போனேன். செதில் எதுவும் மருத்துவர் கண்ணில் படவில்லை, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார். நீங்கள் இரண்டு நாள் தலைக்குக் குளிக்காமல், எண்ணெய் வைக்காமல் போங்கள்.